கேட்டு எழுதிய கிலோவும் நிறுத்துப் பார்த்த கிலோவும்: விளக்க மாறியில் வழு இருந்தால் கோடு ஏன் தட்டையாகிறது

வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்கிற கமக்காரரிடம் ஓர் ஆய்வுக்காகப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். யூரியா ஒரு கிலோ கூடப் போட்டால் விளைச்சல் எத்தனை கிலோ கூடும் என்பதுதான் கேள்வி. கோப்பாய், உரும்பிராய், இணுவில் என்று தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, கொப்பியில் இரண்டு எண்களை எழுதுகிறீர்கள். பரப்பு என்ற நில அளவு ஒன்றுக்குப் போட்ட யூரியா விளக்க மாறி, அதை x என்போம். பரப்புக்குக் கிடைத்த வெங்காயம் சார்ந்த மாறி, அதை y என்போம். பிறகு பிற்செலவுக் கோடு ஒன்றைப் பொருத்தி, அதன் படித்திறனை, அதாவது சாய்வை, விடையாக எடுக்கிறீர்கள்.

x என்ற எண் உங்கள் கொப்பிக்கு எப்படி வந்தது என்று பாருங்கள்.

"ஐயா, போன போகத்தில பரப்புக்கு எத்தனை கிலோ யூரியா போட்டனீங்கள்?"

"அது ஒரு ஆறு கிலோ வரும், பிள்ளை."

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கிலோவில் அளந்து போடவுமில்லை. வாளியால் அள்ளிப் போட்டிருப்பார். ஒரு நாள் தலைதட்டி, இன்னொரு நாள் குவியலாக. இரண்டாம் முறை போடும்போது மகன் போட்டிருப்பான். 50 கிலோ பையில் மிச்சம் எவ்வளவு இருந்தது என்பதிலிருந்து மனதில் கணக்குப் பார்த்து ஆறு என்கிறார். 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்திய காலத்துப் போகம் என்றால் எல்லோருக்கும் நன்றாக நினைவிருக்கும். சாதாரணப் போகம் ஒன்று அடுத்த போகத்தோடு கலந்துவிடும். ஆகவே உங்கள் கொப்பியில் இருப்பது உண்மையான x இல்லை, x உடன் ஒரு வழு சேர்ந்த எண். அதை w என்று வைத்துக்கொள்வோம்.

பலர் இதைக் கண்டும் கவலைப்படுவதில்லை. சிலர் கூட்டிச் சொல்வார்கள், சிலர் குறைத்துச் சொல்வார்கள், ஆட்கள் கூடினால் எல்லாம் ஈடாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம். சராசரியைப் பொறுத்தவரை அது சரி. படித்திறனைப் பொறுத்தவரை சரியில்லை. எழுமாறான வழு விளக்க மாறியில் இருந்தால் படித்திறன் எப்போதும் ஒரே பக்கமாகத்தான் விலகும், பூச்சியத்தை நோக்கி. இதைச் சுருக்கக் கோடல் என்போம். ஏன் அப்படி என்பதையும், உங்கள் தரவில் அது எவ்வளவு என்று கண்டுபிடிப்பதையும், திருத்துவதையும் ஒரு சிறு உதாரணத்தோடு படிப்படியாகப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை, எந்த ஆய்விலிருந்தும் எடுத்தவை அல்ல.

படி 1: எட்டுத் தோட்டங்களைக் கையால் கணக்கிடுங்கள்

உண்மை எது என்று நமக்குத் தெரிந்த ஓர் உலகத்தை முதலில் அமைப்போம். யூரியா ஒரு கிலோ கூடினால் வெங்காயம் சரியாக 10 கிலோ கூடுகிறது. யூரியாவே போடாவிட்டால் பரப்புக்கு 240 கிலோ. வேறு எந்தக் குழப்பமும் இல்லை. எட்டுத் தோட்டங்களில் பாதிப் பேர் 2 கிலோ குறைத்தும், மீதிப் பேர் 2 கிலோ கூட்டியும் சொல்கிறார்கள்.

| தோட்டம் | உண்மையான யூரியா x | சொன்ன யூரியா w | விளைச்சல் y |
|---|---|---|---|
| 1 | 4 | 2 | 280 |
| 2 | 4 | 6 | 280 |
| 3 | 6 | 4 | 300 |
| 4 | 6 | 8 | 300 |
| 5 | 8 | 6 | 320 |
| 6 | 8 | 10 | 320 |
| 7 | 10 | 8 | 340 |
| 8 | 10 | 12 | 340 |

x இன் இடை 7, w இன் இடையும் 7. கூட்டிச் சொன்னதும் குறைத்துச் சொன்னதும் சராசரியில் ஈடாகிவிட்டன என்பது இதுதான். y இன் இடை 310.

இப்போது படித்திறன். ஒவ்வொரு தோட்டத்துக்கும் x இடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, y இடையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று எடுத்து, இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 400 வரும். x இன் விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டினால் 40 வரும். 400 ஐ 40 ஆல் வகுத்தால் 10. உண்மை கிடைத்துவிட்டது.

அதே கணக்கை w உடன் செய்யுங்கள். w இன் விலகல்கள் வரிசையாக −5, −1, −3, 1, −1, 3, 1, 5. இவற்றை y இன் விலகல்களோடு பெருக்கிக் கூட்டினாலும் அதே 400 தான் வரும். வழு விளைச்சலோடு சம்பந்தமில்லாமல் ஓடுவதால் மேலே உள்ள எண் மாறவில்லை. ஆனால் w இன் வர்க்கங்களின் கூட்டுத்தொகை 72. ஆகவே படித்திறன் 400/72, அதாவது 5.56.

யூரியா ஒரு கிலோவுக்கு 10 கிலோ வெங்காயம் என்ற உண்மை, கேட்டு எழுதிய எண்ணில் 5.56 கிலோவாகச் சுருங்கிவிட்டது. இந்தக் கணக்கைத் தாளில் ஒரு தரம் நீங்களே செய்து பாருங்கள். தொகுதி மாறவில்லை, பகுதி மட்டும் பெருத்தது என்பதைக் கண்ணால் கண்டால் மிச்சம் எல்லாம் தானாக விளங்கும்.

வெட்டுத்துண்டையும் கவனியுங்கள். கோடு இரண்டு இடைகளும் சந்திக்கும் புள்ளியூடாகப் போகவேண்டும் என்பதால், சாய்வு குறையும்போது இடது பக்கம் உயர்கிறது. 310 இலிருந்து 5.56 × 7 ஐக் கழித்தால் 271. பசளை போடாமலே 271 கிலோ விளையும் என்று அறிக்கை சொல்லும். உண்மை 240. பசளையின் பங்கைக் குறைத்தும், மண்ணின் பங்கைக் கூட்டியும் ஒரே நேரத்தில் பிழைவிடுகிறோம்.

படி 2: ஏன் பூச்சியத்தை நோக்கி என்று கண்ணால் பாருங்கள்

எட்டுப் புள்ளிகளையும் வரைபுத் தாளில் குறியுங்கள். உண்மையான x உடன் குறித்தால் புள்ளிகள் 4 இலிருந்து 10 வரை கிடக்கின்றன. w உடன் குறித்தால் 2 இலிருந்து 12 வரை பரந்துவிடுகின்றன. நிலைக்குத்துப் பக்கம் இரண்டிலும் ஒன்றுதான், 280 இலிருந்து 340 வரை. இறப்பர்த் தாளில் வரைந்த படத்தைப் பக்கவாட்டில் மட்டும் இழுத்தது போல, அகலம் கூடிவிட்டது, உயரம் அப்படியே இருக்கிறது. சரிவு குறையாமல் என்ன செய்யும்?

இதையே ஆட்களை வைத்துப் பார்க்கலாம். 12 கிலோ என்று சொன்னவர் யார்? உண்மையில் 10 கிலோ போட்டவர். 2 கிலோ என்று சொன்னவர் 4 கிலோ போட்டவர். கொப்பியில் மிக உயர்ந்த எண்ணாக வந்து நிற்பவர், உண்மையில் கூடப் போட்டதோடு கூட்டியும் சொன்னவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மிகத் தாழ்ந்த எண்ணுக்கு இதன் மறுதலை. ஆகவே கொப்பியில் இரண்டு பேருக்கிடையே 10 கிலோ வித்தியாசம் தெரிந்தாலும் தோட்டத்தில் இருந்த வித்தியாசம் 6 கிலோதான். வெங்காயம் கொப்பியைப் பார்த்து விளைவதில்லை, தோட்டத்தில் விழுந்த யூரியாவுக்குத்தான் விளையும்.

படி 3: y இல் உள்ள வழுவோடு இதைக் குழப்பாதீர்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இந்த இடத்தில். இப்போது யூரியாவைச் சரியாக நிறுத்து எழுதிவிட்டோம், ஆனால் விளைச்சலைத்தான் மதிப்பாகச் சொன்னார்கள் என்று எடுங்கள். ஒவ்வொரு சோடித் தோட்டத்திலும் ஒருவர் 20 கிலோ குறைத்தும் மற்றவர் 20 கிலோ கூட்டியும் சொல்கிறார்கள். கணக்கைப் போட்டால் தொகுதி மறுபடியும் 400, பகுதி 40, படித்திறன் 10. ஒன்றும் சுருங்கவில்லை. புள்ளிகள் கோட்டைச் சுற்றி மேலும் கீழும் சிதறுகின்றன, அவ்வளவுதான். நியம வழு கூடும், அதற்கு மருந்து கூடிய மாதிரி.

இதில் ஒரு விசயம் அழுத்திச் சொல்ல வேண்டியது. இந்த இரண்டு நிலைமைகளிலும் R² ஐ, அதாவது y இன் மாறலில் கோடு விளக்கும் பங்கை, கணக்கிட்டுப் பாருங்கள். w உடன் பொருத்திய கோட்டுக்கு 0.556. y இல் வழு இருந்த கோட்டுக்கும் 0.556. கணினித் திரையில் R² ஒன்றுதான், ஆனால் ஒன்றில் படித்திறன் சரி, மற்றதில் கிட்டத்தட்டப் பாதி. ஆகவே R² ஐ வைத்தோ சிதறலைப் பார்த்தோ சுருக்கக் கோடல் இருக்கிறதா என்று சொல்ல முடியாது. எண் எப்படி அளக்கப்பட்டது என்பதை அறிந்தவருக்குத்தான் அது தெரியும்.

படி 4: சூத்திரத்தை எழுதிக்கொள்ளுங்கள்

வழுவை u என்போம். w = x + u. வழுவின் இடை பூச்சியம், அது x உடனும் y இன் மற்றக் காரணிகளுடனும் இணைபு இல்லாதது என்று கொண்டால்:

```
λ = Var(x) / (Var(x) + Var(u))
b = β × λ
```

β உண்மையான படித்திறன், b உங்கள் கோடு தரும் படித்திறன். λ ஐ நம்பகத்தன்மை விகிதம் என்கிறோம். எங்கள் எட்டுத் தோட்டங்களில் x இன் மாறற்றிறன் 5, வழுவின் மாறற்றிறன் 4. ஆகவே λ = 5/9 = 0.556. பத்தைப் பெருக்கினால் 5.56. மாறற்றிறன்கள் மறையாக வர முடியாது என்பதால் λ எப்போதும் 0 க்கும் 1 க்கும் இடையில்தான். கோடு தட்டையாகலாம், குறி மாறாது. ஸ்பியர்மன் 1904 இலேயே இணைபுக் குணகத்துக்கு இந்தச் சுருக்கத்தைத் திருத்தும் வழியை எழுதிவிட்டார்.

λ வழுவை மட்டும் பொறுத்ததில்லை, x எவ்வளவு பரந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஒரே ஊரில், எல்லோரும் ஏறக்குறைய ஒரே அளவு பசளை போடும் இடத்தில் ஆய்வு செய்கிறீர்கள் என்றால் x இன் மாறற்றிறன் 1 ஆக இருக்கலாம். ஆட்களின் நினைவு அதே அளவு மங்கல்தான், வழு 4. அப்போது λ = 1/5, பத்துக் கிலோ இரண்டு கிலோவாகத் தெரியும். இன்னொரு மாவட்டத்து ஆய்வில் கண்ட λ ஐ எடுத்து உங்கள் கோட்டைத் திருத்த முடியாது என்பதற்கும் காரணம் இதுவே.

படி 5: மாதிரியைப் பெருக்கினால் போகாது என்பதைக் கணினியில் பாருங்கள்

R மென்பொருள் இருந்தால் இதை அப்படியே ஓட்டலாம்.

```r
set.seed(7)
n <- 2000
x <- rnorm(n, 7, sqrt(5))
y <- 240 + 10*x + rnorm(n, 0, 20)
w <- x + rnorm(n, 0, 2)
coef(lm(y ~ x))
confint(lm(y ~ w))
```

முதல் விடை 10 ஐ ஒட்டி வரும். இரண்டாவது 5.56 ஐச் சுற்றிய ஓர் இடைவெளியைத் தரும். இப்போது n ஐ 200 ஆக்கி ஓட்டுங்கள், பிறகு 20000 ஆக்கி ஓட்டுங்கள். 200 பேரில் w இன் குணகத்தின் நியம வழு 0.6 அளவில் இருக்கும். 20000 பேரில் அது 0.06 ஆகிவிடும், 95% நம்பிக்கை இடைவெளி ஏறக்குறைய 5.4 இலிருந்து 5.7 வரை ஒடுங்கிவிடும். உண்மையான 10 அதற்கு அருகிலேயே இல்லை. ஆயிரம் பேரிடம் கூடுதலாகக் கேட்டது பிழையான எண்ணை உறுதியாக்க மட்டுமே உதவியது. களச் செலவுக்குக் காசு கொஞ்சம் இருக்கிறதென்றால், இன்னும் நூறு பேரைத் தேடுவதைவிட, இருப்பவர்களில் ஒரு பகுதியினருக்குச் சரியாக நிறுத்துப் பார்ப்பதற்கு அதைச் செலவழியுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுப்பதானால் இதை எடுங்கள்.

படி 6: உங்கள் தரவின் λ ஐக் கண்டுபிடியுங்கள்

இதற்கு இரண்டு வழி.

முதல் வழி, ஒரே x க்கு இரண்டு தனித்தனி அளவீடுகள். w1 கமக்காரர் சொன்னது. w2 பசளை வாங்கிய சிட்டையிலிருந்து எடுத்தது. இரண்டின் வழுக்களும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை என்றால், w1 க்கும் w2 க்கும் பொதுவாக இருப்பது x மட்டுமே. ஆகவே அவற்றின் இணை மாறற்றிறன் x இன் மாறற்றிறனேதான். அதை w1 இன் மாறற்றிறனால் வகுத்தால் λ. இன்னும் நேரடியாக, w2 ஐக் கருவி மாறியாக வைத்து:

```r
cov(y, w2) / cov(w1, w2)
```

இது சுருங்காத படித்திறனைத் தரும்.

ஆனால் "தனித்தனி" என்பதில் மிகக் கவனம் வேண்டும். அதே கமக்காரரிடம் அடுத்த கிழமை போய் அதே கேள்வியைக் கேட்டு, அதை இரண்டாவது அளவீடு என்று எடுப்பது வழக்கமாக நடக்கிறது. அவர் போன கிழமை சொன்னதையே திரும்பச் சொல்வார். வழுவும் திரும்ப வரும். வழுவின் மாறற்றிறன் 4 இல் 3 இரண்டு தடவையும் பொதுவாக வருகிறது என்று எடுத்தால், இரண்டு விடைகளின் இணைபு (5+3)/9 = 0.89 ஆகத் தெரியும். நம்பகத்தன்மை நல்லது என்று மகிழ்ந்து 5.56 ஐ 0.89 ஆல் வகுத்தால் 6.25 வரும். உண்மை 10. ஆட்கள் மாறாமல் பதில் சொல்கிறார்கள் என்பது அவர்கள் சரியாகச் சொல்கிறார்கள் என்பதற்குச் சான்றில்லை.

சிட்டையிலும் ஒரு சிக்கல் உண்டு. வாங்கிய பையில் பாதியை அண்ணன் தோட்டத்துக்குக் கொடுத்திருப்பார், அல்லது புகையிலைக்குப் போட்டிருப்பார். அது வேறு விதமான வழு. நினைவுப் பிழையோடு சம்பந்தமில்லாமல் இருக்கும்வரை கருவி மாறிக்கு அது கெடுதலில்லை.

இரண்டாவது வழி, என் அபிப்பிராயத்தில் சிறந்த வழி, ஓர் உபமாதிரியில் உண்மையாகவே நிறுப்பது. மொத்தம் 400 தோட்டம் என்றால் அதில் 60 ஐ எழுமாறாகத் தெரிவு செய்யுங்கள். வீதியோரம் இருப்பவர்கள், படித்தவர்கள், ஒத்துழைப்பவர்கள் என்று தெரிவு செய்தால் அவர்களின் வழு மற்றவர்களின் வழுவைப் போல இராது.

நிறுக்கும் முறையிலும் சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் அவர் முன்னால் தராசை வைத்து நிறுத்தால், அவர் அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்வார். போக முடிவில் கேட்கும்போது சரியாகச் சொல்லிவிடுவார். அப்போது நீங்கள் அளப்பது மற்ற 340 பேரின் நினைவை இல்லை. ஆகவே போகத் தொடக்கத்தில் நிறுத்துக் குறித்த பைகளை அந்தத் தோட்டத்துக்கென்று ஒதுக்கிவையுங்கள். பசளை போட்டு முடிந்தபின் மிச்சத்தை நிறுங்கள். யூரியா ஈரத்தை இழுக்கும், பைவாயை இறுக்கிக் கட்டிவைக்காவிட்டால் மிச்சத்தின் நிறையே கூடிவிடும். கழித்து வருவதைப் பரப்பால் வகுத்தால் x. எண்ணை அவரிடம் சொல்லாமல், எல்லோரிடமும் கேட்கும் அதே நாளில், அதே சொற்களில் அவரிடமும் கேட்டு w ஐ எழுதுங்கள்.

படி 7: திருத்துங்கள்

உபமாதிரியில் x ஐ w மீது பொருத்துங்கள். வழமைக்கு மாறாக இங்கே w வலப்பக்கத்தில் வருகிறது. எட்டுத் தோட்டங்களில் இதைச் செய்தால் கோடு x = 3.11 + 0.556 w. அந்த 0.556 தான் λ. 12 கிலோ என்று சொன்னவருக்கு இந்தக் கோடு தரும் மதிப்பீடு 9.8 கிலோ, 2 கிலோ என்று சொன்னவருக்கு 4.2. கூட்டிச் சொன்னவர்களையும் குறைத்துச் சொன்னவர்களையும் இடையை நோக்கி இழுத்துவிடுகிறது. இந்த மதிப்பீட்டை x இன் இடத்தில் வைத்து y ஐப் பொருத்தினால் படித்திறன் 10 க்குத் திரும்பும்.

```r
cal <- lm(x ~ w, data = sub)
all$xhat <- predict(cal, newdata = all)
lm(y ~ xhat, data = all)
```

இங்கே `sub` நிறுத்துப் பார்த்த தோட்டங்கள், `all` எல்லாத் தோட்டங்களும்.

கடைசி வரி தரும் நியம வழுவை அறிக்கையில் அப்படியே எழுத வேண்டாம். 3.11 உம் 0.556 உம் உறுதியான எண்கள் என்று அது நினைத்துக்கொள்கிறது. அவையும் 60 தோட்டங்களிலிருந்து மதிப்பிட்டவை. தோட்டங்களை மீளத் தெரிவு செய்து, இரண்டு படிகளையும் சேர்த்தே ஒவ்வொரு முறையும் ஓட்டும் பூட்ஸ்ட்ராப் முறையால் இடைவெளியைக் கணக்கிடுங்கள். திருத்திய படித்திறனின் இடைவெளி திருத்தாததைவிட அகலமாக இருக்கும். அது குறையல்ல, உங்கள் தரவில் உண்மையில் இருக்கும் அறியாமை அவ்வளவுதான்.

படி 8: சூத்திரம் எங்கே பொருந்தாது என்று பாருங்கள்

மேலே சொன்னவை எல்லாம் வழு x உடன் இணைபு இல்லாதது என்ற எடுகோளில் நிற்கின்றன. உபமாதிரி கையில் இருந்தால் இதைச் சோதிக்கலாம். w − x ஐ x க்கு எதிரே குறியுங்கள். புள்ளிகள் கிடையாகப் பரந்திருந்தால் சரி. கீழ்நோக்கிச் சரிந்தால், குறைவாகப் போட்டவர்கள் கூட்டியும் கூடப் போட்டவர்கள் குறைத்தும் சொல்கிறார்கள் என்று பொருள். நிலத்தடி நீரில் நைத்திரேற்று ஏறுகிறது, பசளையைக் குறையுங்கள் என்று அடிக்கடி கேட்கும் யாழ்ப்பாணத்துக் கமக்காரர், கூடப் போட்டதைக் குறைத்துச் சொல்வதில் வியப்பில்லை. அந்த நிலைமையில் சுருக்கம் சூத்திரம் சொல்வதைவிடக் குறைவாக இருக்கலாம், கோடு உண்மையைவிடச் செங்குத்தாகவும் வரலாம். எல்லோரும் போட்டதில் பாதியைத்தான் சொல்கிறார்கள் என்றால் படித்திறன் இரண்டு மடங்காகிவிடும். இணைபிலிருந்து λ ஐக் கணக்கிடும் முதல் வழி இங்கே ஏமாற்றும். படி 7 இன் திருத்தம் இதையும் தாங்கும், ஏனென்றால் அது உண்மையான x ஐயே w மீது பொருத்துகிறது.

பரப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். x உம் y உம் பரப்பால் வகுத்தவை. தோட்டம் 4 பரப்பு என்று சொன்னார், அளந்தால் மூன்றரை. அப்போது x, y இரண்டும் ஒரே பக்கமாகப் பிழைக்கின்றன. இரண்டும் சேர்ந்து கூடவும் சேர்ந்து குறையவும் செய்வதால், இல்லாத தொடர்பு ஒன்று தோன்றும், படித்திறன் மேலே ஏறும். சுருக்கத்துக்கு எதிர்த் திசை. இரண்டு வழுக்களும் ஒன்றையொன்று எவ்வளவுக்கு ஈடுசெய்கின்றன என்று பின்னால் உட்கார்ந்து பிரித்தெடுப்பது கடினம். நிலத்தை நாடாவால் அளந்துவிடுங்கள். இந்தக் குழப்பத்தின் பெரும்பகுதி அதோடு முடிந்துவிடும்.

இன்னொன்று கட்டுப்பாட்டு மாறிகள். மாட்டெரு, இறைப்பு, விதை வெங்காயத்தின் அளவு எல்லாவற்றையும் சேர்த்தால் கோடு திருந்தும் என்று நினைப்போம். யூரியா கூடப் போடுபவர்தான் எருவும் கூடப் போடுகிறார் என்றால், எருவைச் சேர்த்தவுடன் யூரியாவின் மாறற்றிறனில் எருவால் விளக்கப்படாத பகுதிதான் மிஞ்சும். 5 இல் பாதி, 2.5 என்று எடுங்கள். வழு 4 குறையவில்லை. λ இப்போது 2.5/6.5 = 0.385, பத்துக் கிலோ 3.85 ஆகத் தெரியும். யூரியா இழந்த பங்கின் ஒரு பகுதியை எரு தன் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எருவைச் சரியாகவே நிறுத்திருந்தாலும் அதன் குணகமும் கோடிப்போகும். மாறிகளைச் சேர்க்கச் சேர்க்க யூரியாவின் குணகம் தேய்ந்துகொண்டே போனால், "யூரியாவுக்கு உண்மையில் பங்கில்லை" என்று எழுத முன் இதை நினைத்துப் பாருங்கள்.

மறுதலையாக, ஒரு நிலைமையில் சுருக்கமே இல்லை. பரப்புக்கு 4, 6, 8 கிலோ போடுங்கள் என்று நீங்களே தோட்டங்களுக்கு ஒதுக்கிக் கொடுக்கிறீர்கள். 6 ஒதுக்கப்பட்டவர்களில் ஒருவர் 5 போடுகிறார், ஒருவர் 7 போடுகிறார். இங்கே உங்கள் கொப்பியில் உள்ள எண் முன்னரே நிலையானது, உண்மைதான் அதைச் சுற்றி ஆடுகிறது. வழு கொப்பியில் உள்ள எண்ணோடு இணைபு இல்லாதது. இதை பெர்க்சன் வழு என்கிறார்கள். நேர்கோட்டுத் தொடர்பில் படித்திறன் கோடாது, சிதறல் மட்டும் கூடும். ஆகவே பரிசோதனைத் தரவில் λ ஆல் வகுத்தால் நீங்களே ஒரு கோடலைப் புகுத்துகிறீர்கள்.

படி 9: எதற்காகத் திருத்துகிறீர்கள் என்று கேளுங்கள்

யூரியா கூடினால் விளைச்சல் எவ்வளவு கூடும் என்பதுதான் கேள்வி என்றால், திருத்தியே ஆகவேண்டும். 5.56 ஐ வைத்துப் "பசளைச் செலவுக்கு வரவு காணாது" என்று ஒருவருக்கு ஆலோசனை சொன்னால், அந்த ஆலோசனை அவருடைய நினைவின் மங்கலைத்தான் அளந்திருக்கிறது, மண்ணை அளக்கவில்லை. இதய நோயிலும் இதே கதைதான். ஒரே ஒரு தரம் அளந்த குருதி அழுத்தத்தை வைத்துக் கணக்கிட்ட ஆபத்து, உண்மையான வழமை அழுத்தத்தின் ஆபத்தைவிடக் குறைவாகத் தெரிந்தது. 1990 இல் பல ஆய்வுகளைச் சேர்த்துத் திருத்தியபோது தொடர்பு 60% அளவில் வலுத்தது.

ஆனால் புதிதாக ஒருவர் வந்து "நான் பரப்புக்கு 12 கிலோ போட்டனான்" என்று சொல்கிறார், அவர் தோட்டத்தில் எவ்வளவு விளைந்திருக்கும் என்று ஊகிப்பதுதான் வேலை என்றால், திருத்தாத கோடே சரியானது. சொன்ன எண்ணிலிருந்து எதிர்பார்க்கத்தக்கது 271 + 5.56 × 12, அதாவது 338 கிலோ. திருத்திய கோட்டில் 12 ஐ நேராகப் போட்டால் 360 வரும். அது பிழை, ஏனென்றால் 12 என்று சொன்னவர் 12 போட்டவர் இல்லை.

தொடர்பு இருக்கிறதா இல்லையா என்று மட்டும் சோதிப்பதானால், உண்மையான படித்திறன் பூச்சியமாக இருந்தால் சுருங்கியதும் பூச்சியமே. ஆகவே சோதனை பொய்யாக எச்சரிக்கை எழுப்பாது. உண்மையில் உள்ள தொடர்பைத் தவறவிடத்தான் வாய்ப்புக் கூடும். அதனால் திருத்துவதற்கு உபமாதிரி எதுவும் இல்லாத ஆய்வில் குணகம் பொருண்மையற்றது என்று வந்தால், "தொடர்பு இல்லை" என்று எழுதாதீர்கள். யூரியா அளவு கமக்காரரின் நினைவிலிருந்து எடுக்கப்பட்டது, λ 0.5 ஆக இருந்தால் படித்திறன் இத்தனை, 0.8 ஆக இருந்தால் இத்தனை என்று ஒரு சிறு அட்டவணையை அறிக்கையில் சேருங்கள். b ஐ λ ஆல் வகுப்பதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது, வாசிப்பவர் எந்த λ ஐ நம்புகிறாரோ அதற்கான விடையைத் தானே எடுத்துக்கொள்வார்.